வாக்குறுதியும் விளைவும்: சங்கங்களின் இறுதி அறிக்கை

2025 பெப்ரவரியில் யேர்மனியின் CDU/CSU நாடாளுமன்றக் குழு, பொதுநல அமைப்புகளின் நிதியும் அரசியல் நடுநிலைமையும் பற்றி அரசாங்கத்திடம் 551 கேள்விகளைக் கேட்டுப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஆனால் அரச உதவியில் திட்டம் நடத்தும் எங்கள் சிறிய சங்கங்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அதைவிடப் பழையது. செய்வதாகச் சொன்னது என்ன, நடந்தது என்ன?

அதற்கான பதில்தான் ஃபெர்வென்டுங்ஸ்நாக்வைஸ் எனப்படும் இறுதி அறிக்கை. மத்திய அரசின் திட்ட உதவிக்கு, வேறு காலக்கெடு தரப்படாவிட்டால், அதை ஆறு மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். அதில் ஒரு பகுதி கணக்கு. மற்றையது செயலறிக்கை. பெற்ற விளைவை முன்பு குறித்த இலக்கோடு நேருக்கு நேர் வைத்துக் காட்டவேண்டும் என்று உதவியின் பொது நிபந்தனைகளே சொல்கின்றன.

எங்களவர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஒரு பற்றுச்சீட்டும் தவறாது. சறுக்குவது செயலறிக்கையில்தான். நிறைவு விழாவில் திரையில் காட்டிய படங்களையும் வந்தோர் தொகையையும் அப்படியே அறிக்கையில் ஒட்டிவிடுகிறார்கள்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தாய்மாருக்கான மொழி வகுப்பு: 40 பேர் சேர்வார்கள், 30 பேர் முடிப்பார்கள் என்று விண்ணப்பத்தில் எழுதியாயிற்று. சேர்ந்தது 43, முடித்தது 17. படத்தொகுப்பில் 43 மட்டும் பெரிய எழுத்தில் நிற்கும். விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கும் அதிகாரி முதலில் தேடுவது 30 என்ற இலக்குக்கு எதிரே என்ன இருக்கிறது என்பதை. அங்கே வெற்றிடம் இருந்தால் சந்தேகம் கணக்குக்கும் பரவும்.

17 என்றே எழுதலாம். காரணத்தையும் அதோடு எழுதவேண்டும்: மாலை வகுப்பு துப்புரவு வேலை நேரத்தோடு மோதியது, நான்காம் மாதம் சனிக்கிழமைக்கு மாற்றினோம், மாற்றிய பிறகு ஒருவரும் விலகவில்லை. இதற்கு வரவுப் பதிவேடு சாட்சி. 'பலருக்குத் தன்னம்பிக்கை கூடியது' என்ற வரிக்குச் சாட்சி இல்லை. தொடக்கத்திலேயே ஒரு சிறு கேள்வித்தாள் கொடுத்திருந்தால் மட்டும் அது நிற்கும்.

இலக்கு தவறினாலே பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள் என்ற பயம் பரவலாக உண்டு. பணம் குறித்த நோக்கத்துக்கே செலவாகியிருந்தால், எண்ணிக்கை குறைந்தது மட்டும் பொதுவாக அதற்குக் காரணமாவதில்லை. சிக்கல் மௌனத்தில் இருக்கிறது. நோக்கம் நிறைவேறாது என்று தெரிந்தால் உடனே அறிவிப்பது கடமை என அதே நிபந்தனைகள் சொல்கின்றன. நான்காம் மாதம் ஒரு மின்னஞ்சல் போயிருந்தால், இறுதி அறிக்கையில் வரும் 17 அதிகாரிக்குப் புதுச் செய்தியல்ல. அனுமதியை மீளப்பெற்றால், திருப்பும் தொகைக்கு அடிப்படை வட்டிவீதத்துக்கு மேல் 5 சதவீதப் புள்ளி வட்டியும் சேரலாம். சிறு சங்கத்தின் வங்கிக் கணக்கில் அவ்வளவு இருக்காது.