அறுபத்து மூவருக்கு ஒரு கடிதம்

சின்னதா சர்வீஸ் கம்பெனி நடத்துற யாரைக் கேட்டாலும் இப்பல்லாம், "ஒரு நியூஸ்லெட்டர் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்"ங்கறாங்க. ஆரம்பிக்கவும் செய்றாங்க. முதல் மடல்ல கலர் கலரா படம், "எங்கள் நிறுவனத்தின் பயணம்"னு ஒரு பத்தி, கீழே ஏழு பொத்தான். மூணாவது மடலுக்கு அப்புறம் சத்தமே இருக்காது. கேட்டா, "ஆயிரம் பேருக்கு அனுப்பினோம், ஒரு ஆர்டர் கூட வரல"ங்கற பதில் தயாரா இருக்கும்.

இதுல என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். சின்ன சர்வீஸ் கம்பெனிக்கு மடல்ங்கறது விளம்பரம் இல்லை, கடிதம். எத்தனை பேருக்குப் போச்சுங்கறதை விட, எத்தனை பேர் பதில் போட்டாங்கங்கறதுதான் கணக்கு. பதில் வர்ற அளவுக்குச் சின்னதா, வருஷக்கணக்கா எழுத முடியற அளவுக்குச் சுலபமா இருந்தாத்தான் அது வேலைக்கு ஆகும்.

ஏன் மாசக்கணக்கா எழுதணும்? பம்பு வாங்கறவர் தண்ணியில இறக்கி ஓட்டிப் பாத்துட்டு வாங்கலாம். ஸ்டாக் கணக்குக்கு மென்பொருள் எழுதித் தர்றவங்களை எப்படி ஓட்டிப் பாக்கறது? வேலை முடிஞ்சு, காசு கொடுத்து, ஆறு மாசம் ஆனப்புறம்தான் நல்லதா கெட்டதான்னே தெரியும். அதனால வாங்கறவர் வேற அடையாளங்களைத் தேடுவார்: இவனுக்கு என் தொழில் புரியுதா? சொன்ன தேதிக்குச் செய்றானா? இது ரெண்டையும் ஒரே நாள்ல நிரூபிக்க வழியில்லை. இன்னொண்ணு, அவருக்கு இந்தத் தேவை வர்றதே சில வருஷத்துக்கு ஒரு தடவைதான். அந்த நாள் எதுன்னு அவருக்கே தெரியாது. அது வர்றப்ப உங்க பேர் அவர் ஞாபகத்துல இருக்கணும். அவ்வளவுதான் விஷயம்.

கோயமுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச நண்பர் ஒருத்தர், ரெண்டே பேர் கொண்ட கம்பெனி நடத்துறார். லேத் பட்டறை, வார்ப்படம், பம்பு உதிரிபாகம் செய்றவங்களுக்கு சரக்குக் கணக்கு மென்பொருள் எழுதித் தர்றது தொழில். அவர் மடல் ஆரம்பிச்சப்ப கூட இருந்து பாத்தேன், டெக்னிக்கல் ஆணி கொஞ்சம் நானும் புடுங்கினேன் :-) அதனால அதையே உதாரணமா எடுத்துக்கறேன்.

முதல் கேள்வி, யாருக்கு அனுப்பறது? போன்ல இருந்த நம்பர், மேஜை டிராயர்ல இருந்த விசிட்டிங் கார்டு, பழைய கொட்டேஷன் ஃபைல் எல்லாத்தையும் எடுத்து, நிஜமாவே பேசிப் பழகினவங்களை மட்டும் பொறுக்கினார். ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, "பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, பட்டறைக் கணக்கு பத்தி ஒரு பக்கம் எழுதப் போறேன், அனுப்பட்டுமா"ன்னு கேட்டார். சரின்னவங்க 63 பேர். அன்னையிலருந்து அவர் ஆபீஸ்ல அந்தப் பட்டியலுக்கு "அறுபத்து மூவர்"னே பேராயிடுச்சு.

காசு கொடுத்தா பத்தாயிரம் ஈமெயில் முகவரி கிடைக்குமேன்னு கேப்பீங்க. கிடைக்கும். ஆனா அதுல பாதி செத்த முகவரி, மீதிப் பேர் உங்களை யாருன்னே தெரியாம ஸ்பாம் பொத்தானை அமுக்குவாங்க. அந்தக் கெட்ட பேர் ஒரு மடலோட போகாது, உங்க டொமைன் மேலேயே ஒட்டிக்கும். அப்புறம் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பற இன்வாய்ஸ் கூட ஸ்பாம் பெட்டிக்குள்ள போய் விழும். கூகுள் பெரிய அளவுல அனுப்பறவங்களுக்குச் சொல்ற எல்லை, ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாதுங்கறது. 63 பேருல ஒருத்தர் அமுக்கினாலே ஒண்ணரை சதவீதத்துக்கு மேல. சின்னப் பட்டியலுக்கு அப்படியே இந்தக் கணக்கைப் போடறாங்கன்னு நான் சொல்லல. ஆனா கேக்காம அனுப்பறது எவ்வளவு ஆபத்துன்னு இதுலயே புரியும்.

அதே காரணத்துக்காக மடலை கம்பெனியோட முக்கிய டொமைன்ல இருந்து அனுப்பாம, அதுக்குக் கீழ ஒரு சப்டொமைன் வெச்சு அனுப்பினோம். எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க்னு மூணு டி.என்.எஸ். பதிவு போடணும். 2024 பிப்ரவரியிலருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்துல கறாராயிட்டாங்க. ஒரு நாளைக்கு 5000 மடலுக்கு மேல அனுப்பறவங்களுக்கு மூணுமே கட்டாயம். நமக்கு அவ்வளவு இல்லைன்னாலும் போட்டு வெக்கறது நல்லது, அரை நாள் வேலைதான். சரியா இருக்கான்னு பாக்க, மடலை உங்க ஜிமெயிலுக்கே அனுப்பி, மூணு புள்ளி மெனுவுல `Show original` அமுக்குங்க. SPF, DKIM, DMARC மூணுக்கும் நேரா `PASS`னு இருக்கணும். ஒண்ணு `FAIL`னு இருந்தாலும் அதைச் சரி பண்ணிட்டுத்தான் அடுத்த மடல்.

இப்ப முக்கியமான விஷயம், என்ன எழுதறது? இங்கதான் நம்ம சாஃப்ட்வேர் ஆளுங்க சறுக்கறாங்க. "கிளவுடுக்கு மாற வேண்டிய அஞ்சு காரணங்கள்"னு எழுதினா பட்டறைக்காரர் எதுக்குப் படிக்கணும்? அவர் ராத்திரி தூக்கம் கெடற விஷயத்தை எழுதணும்.

நண்பரோட முதல் மூணு மடலுக்கு "நல்லாருக்குங்க"ங்கற அளவுலதான் பதில். நாலாவது மடல் ஜாப் ஒர்க் பத்தி. பொருளை கோட்டிங்குக்கோ, ஹீட் ட்ரீட்மென்ட்டுக்கோ வெளியே அனுப்பினா, ஜி.எஸ்.டி. சட்டம் 143ஆம் பிரிவுப்படி அது ஒரு வருஷத்துக்குள்ள திரும்பி வரணும், இல்லைன்னா அங்கருந்தே வித்திருக்கணும். ரெண்டும் இல்லைன்னா, அனுப்பின நாளன்னைக்கே அதை வித்துட்டதா கணக்கு. வரி கட்டணும், அன்னையிலருந்து வட்டியும் கட்டணும். முழுசா திரும்பாத சலான் எதுன்னு பட்டறைல யாரும் தனியா பாக்கறதில்லை. ஆடிட்டர் கேக்கறப்பதான் தேடுவாங்க. இதைப் பத்து வரியில சொல்லிட்டு, எக்செல்ல B பத்தியில அனுப்பின தேதி, C-ல அனுப்பின எண்ணிக்கை, D-ல திரும்பி வந்தது போட்டு, E-ல இதை ஒட்டுங்கன்னு கொடுத்தார்:

```
=IF(AND(C2>D2,TODAY()-B2>300),"பாருங்க","")
```

முன்னூறு நாள் ஏன்னா, மிச்சம் ரெண்டு மாசத்துல சரக்கை வரவழைக்க நேரம் இருக்கும். மடலோட கடைசி வரி ஒரு கேள்வி: "உங்ககிட்ட எத்தனை சலான்ல 'பாருங்க'ன்னு வந்துச்சு?" எங்க மென்பொருள் வாங்குங்கன்னு ஒரு வார்த்தை இல்லை. பாத்தீங்கன்னா, அவர் விக்கற பொருளோட ஒரு துண்டையே எக்செல்ல இலவசமா கொடுத்துட்டார். "இப்படிக் கொடுத்தா யாருப்பா வாங்குவா"ன்னு அவரோட பார்ட்னரே சண்டை போட்டார்.

அஞ்சு பேர் பதில் போட்டாங்க. ஒருத்தர் எழுதினது: "பதினொண்ணு காட்டுதுங்க. அதுல நாலு, டை அனுப்பின சலான். டைக்கும் இது உண்டுங்களா?" நல்ல கேள்வி. மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சர், டூல் இதுக்கெல்லாம் அந்தக் கால எல்லை கிடையாது. மத்த மெஷினரிக்கு மூணு வருஷம். அவருக்குத் தனியா பதில் போட்டுட்டு, பேர் சொல்லாம அதையே அஞ்சாவது மடலா எழுதினார். அப்புறம் தலைப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒரு பதில் அடுத்த மடலைக் கொடுக்கும், அந்த மடல் இன்னும் ரெண்டு பதிலைக் கொண்டு வரும்.

இதனாலதான் நான் 'ஓப்பன் ரேட்'டை நம்பறதே இல்லை. மடல்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டிப் படம் இருக்கும், அது இறங்கினா மடலைத் திறந்ததா கணக்கு. ஆப்பிள் 2021ல கொண்டு வந்த மாற்றத்துக்கு அப்புறம், அவங்க மெயில் ஆப்ல அந்த வசதியைப் போட்டவங்களுக்கு, மடலைத் திறக்காட்டியும் படம் தானா இறங்கிடும். படத்தையே நிறுத்தி வெச்சவர் படிச்சாலும் கணக்குல வரமாட்டார். அந்த எண்ணை வெச்சு சந்தோஷப்படறதும் அழறதும் வீண். நண்பர் ஒரு நோட்டுல மடல் எண், வந்த பதில், அதுல எத்தனை கேள்வின்னு மூணே கட்டம் போட்டு எழுதி வெக்கறார். தொடர்ந்து நாலு மடலுக்குக் கேள்வியே வரலைன்னா, நாம நமக்குப் பிடிச்சதை எழுதறோம், அவங்களுக்கு வேண்டியதை இல்லைன்னு அர்த்தம்.

"எல்லாரும் வாட்ஸ்அப்ல இருக்காங்க, எதுக்கு ஈமெயில்?" நியாயமான கேள்வி. ஆனா வாட்ஸ்அப்ல குட்மார்னிங் பூவுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவுல நம்ம விஷயம் மாட்டிக்கும், சாயங்காலத்துக்குள்ள மேல போயிடும். ஈமெயில் ஆறு மாசம் கழிச்சுத் தேடினாலும் கிடைக்கும், ஆடிட்டருக்கு அப்படியே அனுப்பி வெக்கலாம். மடல் போன அன்னைக்கு வாட்ஸ்அப்ல ஒரு வரி தட்டி விடறது மட்டும் நல்ல பழக்கம். வீடியோவும் தப்பில்லை. எக்செல்ல எங்க ஒட்டணும்னு காட்ட மூணு நிமிஷ ஸ்க்ரீன் ரெக்கார்டிங் போதும். ஆனா தொடரா வீடியோ போடறதுன்னா ஒவ்வொண்ணுக்கும் ஒரு நாள் போயிடும். யார் பாத்தாங்கன்னும் தெரியாது. ரெண்டு பேர் கம்பெனிக்கு அது தாங்காது.

பலன் என்ன? ஆறாவது மாசம் சலானுக்கு பார்கோடு அடிக்கற சின்ன வேலை ஒண்ணு வந்தது. ஒன்பதாவது மாசம் முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் கூப்பிட்டார். அவரோட ஆடிட்டர் அந்த நாலாவது மடலை ஃபார்வர்டு பண்ணியிருக்கார். முழு சிஸ்டமும் செஞ்சு தர முடியுமான்னு கேட்டார். நண்பர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடிச்சது: அந்த மீட்டிங்ல "நீங்க யாரு, என்ன அனுபவம்"னு யாருமே கேக்கலையாம். நேரா "எங்க சலான் இப்படி இருக்கு"ன்னு ஆரம்பிச்சுட்டாங்களாம். ஒன்பது மாசம் எழுதினதுக்குக் கூலி அதுதான்.

அடுத்த மாச சம்பளத்துக்கே காசு இல்லைங்கறவங்களுக்கு இது வழியில்லை. அவங்க போனை எடுத்துப் பழைய வாடிக்கையாளரைக் கூப்பிடறதுதான் சரி. இது, இப்ப வேலை இருக்கறப்பவே அடுத்த வருஷத்துக்கு விதை போடறவங்களுக்கு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு சோதனை. உங்க வாடிக்கையாளர்கள் நிஜமா உங்ககிட்ட கேட்ட பன்னெண்டு கேள்வியைத் தாள்ல எழுதுங்க. நீங்களா யோசிச்சது செல்லாது. பன்னெண்டு தேறுச்சுன்னா ஆறு மாசத்துக்கு மடல் ரெடி. தேறலைன்னா மடலைத் தள்ளி வெச்சுட்டு, முதல்ல போய் அவங்ககிட்ட பேசுங்க.

பி.கு: பார்ட்னர் இப்ப சண்டை போடறதில்லை. பதினெட்டாவது மடலை எழுதினதே அவர்தான் :-)