தேய்ந்துவரும் பழைய மார்க்கு

ஆண்டுதோறும் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்று விற்பனை இறங்கிவரும் பழைய மார்க்குச் சரக்கைப் பற்றி நமது நிர்வாகக் குழுக்கள் கவலையுறுவதில்லை. விலை ஏறுவதால் ரூபாய்க் கணக்கு குறையாமல் தோன்றுகிறது. அதுவே மயக்கத்திற்குக் காரணம். ஐந்தாண்டு விற்பனையை உருப்படிக் கணக்கில் எழுதிப் பார்த்தால் உண்மை புலப்படும். தள்ளுபடி மாதங்களில் விற்றதைத் தனியே பிரித்து எழுதுதல் வேண்டும். அடுத்த மாதம் வாங்க இருந்தவரே அப்போது முந்தி வாங்கிவிடுகிறார்.

இறக்கம் கண்டவுடன் தள்ளுபடியைக் கூட்டிச் சரக்கைக் காக்க முற்படுவதே நமது வழக்கம். போட்டியாளர் நம் வாடிக்கையைக் கவர்ந்திருந்தால் அது பொருந்தும். சரக்கின் பயனே குன்றியிருந்தால் பொருந்தாது.

அமெரிக்காவில் சுத்தியலேந்திய கையைச் சின்னமாகக் கொண்ட ஆர்ம் அண்ட் ஹாம்மர் சமையல் சோடாவுக்கு இந்நிலை நேர்ந்தது. வீடுகளில் ரொட்டி, கேக்கு சுடும் பழக்கம் குறைந்தது. சுடாதவருக்கு விலையைக் குறைத்து யாது பயன்? 1972-இல் அக்கம்பெனியார், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு டப்பாவைத் திறந்து வைத்தால் துர்வாசனை நீங்கும் என்று விளம்பரம் செய்தனர். சரக்கு மாறவில்லை, அதற்குரிய இடமே மாறியது. வைத்தவர் மறந்துவிட்டால் மறுவிற்பனை இல்லையன்றோ? ஆகவே பழைய டப்பாவைத் தொட்டிக் குழாயில் கொட்டிவிட்டுப் புதிதை வைக்குமாறும் சொல்லிக்கொடுத்தனர். இந்தப் பின்பகுதியே எனக்கு மிகவும் சாமர்த்தியமாகப் படுகிறது.

புதுப் பயன் கிடைக்காவிடில், செலவை நிறுத்தி வந்தவரை பலனெடுப்பதே மூன்றாவது வழி. கணக்கிட்டுப் பார்ப்போம். ஆண்டுக்கு 10,000 போர்வை, ஒன்றுக்கு 40 ரூபாய் மிச்சம், விளம்பரமும் தள்ளுபடியும் 1,50,000 ரூபாய் என்று கொள்வோம். நிகரம் 2,50,000. அச்செலவை நிறுத்தியதால் விற்பனை ஆண்டுதோறும் பத்திலொரு பங்கு குறைந்தாலும், முதலாண்டு 9,000 போர்வைக்கு 3,60,000 கிடைக்கும். நான்காம் ஆண்டில் 6,561 போர்வைக்கு 2,62,440 கிடைக்கும். அதுவரையில் பழைய நிலையைவிட இலாபமே. ஐந்தாம் ஆண்டில்தான் கீழே போகும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நூலின் நம்பரையோ சாயத்தையோ குறைக்கலாகாது. எஞ்சியிருப்போர் பழகிய வாடிக்கையாளர். அவர்கள் கை தடவிப் பார்த்தே அறிந்துகொள்வர்.

தனியார் கம்பெனிக்குக் கணக்கு இத்துடன் முடிந்தது. நமக்கோ, 6,561 போர்வை என்றால் மூன்றிலொரு பங்குத் தறி ஓடாது. அத்தறியில் இருப்பவர் நமது அங்கத்தினர். ஆதலால் முதலாண்டிலேயே, மிஞ்சும் 1,10,000 ரூபாயைக் கொண்டு, எந்தத் தறிகளை எந்தப் புதுச் சரக்கிற்கு மாற்றுவது என்று பொதுக்குழுவில் தீர்மானித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. அத்தீர்மானம் இல்லாமல் விளம்பரச் செலவை மட்டும் நிறுத்தும் யோசனைக்கு நான் கை தூக்க மாட்டேன்.