கோடு எண்ணி வாங்கிய மட்டை

சென்னை வாலாஜா சாலையில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை மாலை அங்கே போய் நின்றால் ஒரே காட்சி கடைக்குக் கடை நடப்பதைப் பார்க்கலாம். கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து பால் வெள்ளையாக ஒரு மட்டையை எடுப்பார். "கிரெய்ன் எண்ணிப் பாருங்க சார், பத்து இருக்கு. ஒரு புள்ளி கிடையாது. கிரேடு ஒன் இங்கிலீஷ் வில்லோ." அப்பா குனிந்து எண்ணுவார், புது வீட்டுக்கு மார்பிள் பார்க்கிறவர் மாதிரி. "வளர்ற பையன். ஷார்ட் ஹேண்டிலாவே எடுத்துடுங்க, ரெண்டு மூணு வருஷத்துக்குக் கவலையே இல்ல." பணம் கைமாறும். இத்தனைக்கும் நடுவே பன்னிரண்டு வயதுப் பையன் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். மட்டையை அவன் கையில் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்ல யாருக்கும் தோன்றாது.

விலை கூடினால் ஆட்டம் கூடும், கனம் கூடினால் பந்து தூரம் போகும், பெரிதாக வாங்கினால் காசு மிச்சம். இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டுக்கொண்டுதான் பெற்றோர் கடைக்கு வருகிறார்கள். பள்ளியில் ஆடும் பிள்ளையைப் பொறுத்தவரை மூன்றுமே தப்பு. ஷூவுக்குள் பஞ்சை அடைத்து ஒரு வருடம் ஓட்டலாம், பேன்ட்டின் அடியை மடித்துத் தைக்கலாம். மட்டையை எங்கே மடிப்பது?

முதலில் இந்தக் 'கிரேடு' சமாச்சாரம். வில்லோ மரத்துண்டில் நெடுக ஓடும் ஒவ்வொரு கோடும் அந்த மரத்தின் ஒரு வருட வளர்ச்சி. கோடுகள் நேராக, சீராக, ஆறுக்குக் குறையாமல் ஓடி, மரம் வெளுப்பாக, கரும்புள்ளி இல்லாமல் இருந்தால் முதல் தரம். ஓரத்தில் செம்மை ஓடினாலோ, பட்டாம்பூச்சி என்று தச்சர்கள் சொல்லும் பழுப்புக் கறை விழுந்திருந்தாலோ தரம் இறங்கும். இங்கிலாந்தில் மரம் அறுக்கும் இடத்திலும் மீரட், ஜலந்தர் பட்டறைகளிலும் இந்தத் தரம் பிரிப்பது கண்ணால்தான். பந்தை அடித்துப் பார்த்து யாரும் பிரிப்பதில்லை. எல்லாருக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனியின் 'ஒன்று' இன்னொரு கம்பெனியில் 'இரண்டு'. 'ஒன்று'க்கும் மேலே 'பிளேயர்ஸ்', 'ரிசர்வ்' என்று ஏணியை நீட்டிக்கொண்டே போகிற கம்பெனிகளும் உண்டு.

பந்து துள்ளிப் போகிறதா, செத்து விழுகிறதா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது பட்டறையில் நடக்கும் அழுத்தம். வில்லோ மெத்தென்ற மரம். அறுத்த துண்டை உருளைகளுக்கு நடுவே விட்டு நெருக்கி அதன் முகத்தை இறுக்குகிறார்கள். அதிகம் இறுகினால் மட்டை கட்டையாகிப் போகும், குறைந்தால் நாலே நாளில் குழி விழும். சரியான பதத்தில் அழுத்திய மூன்றாம் தர மரம், தப்பாக அழுத்திய முதல் தரத்தைவிட நன்றாக அடிக்கும். அந்தப் பதத்தை ஸ்டிக்கரிலும் பார்க்க முடியாது, கோட்டிலும் பார்க்க முடியாது. நெருக்கமான கோடுகள் கொண்ட மட்டை சீக்கிரம் பதமாகும் என்பது உண்மைதான். ஆனால் அது சீக்கிரம் தேயவும் செய்யும். சிமென்ட் தரையில் மேட் விரித்து, தினமும் இரண்டு மணி நேரம் பயிற்சி செய்கிற பையனுக்கு அது லாபமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். காஷ்மீர் வில்லோவை ஒரேயடியாக மட்டமாகப் பேசுவதும் இந்த மயக்கத்தின் இன்னொரு பக்கம். அதில் உள்ள உண்மையான குறை ஒன்றுதான்: அந்த மரம் பொதுவாகக் கொஞ்சம் கனம், கொஞ்சம் கடினம்.

கனம் என்றதும் விஷயத்தின் மையத்துக்கு வந்துவிட்டோம். கனமான மட்டை தூரம் அடிக்கும் என்பது பாதி உண்மை. ஒரே வேகத்தில் வீசினால் கனமானதுதான் ஜெயிக்கும். பையனால் ஒரே வேகத்தில் வீச முடியுமா என்பதுதான் கேள்வி. கிரிக்கெட் பந்து சுமார் 160 கிராம். ஒரு கிலோ மட்டையே அதைப்போல ஆறு மடங்குக்கு மேல். அதன் மீது இன்னும் 150 கிராம் ஏற்றினால் மோதலில் கிடைக்கும் கூடுதல் பலம் சொற்பம். அந்த 150 கிராமைச் சுமக்கும் மணிக்கட்டோ வீச்சு வேகத்தை இழக்கிறது. வேகம் குறைந்தால்கூடப் பரவாயில்லை, நேரம் தவறுவதுதான் ஆபத்து. மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் பந்து ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் 22 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மட்டை அவ்வளவு தாமதமாக வந்தால் போதும், நடுவில் பட வேண்டிய பந்து விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்குப் போகும். அடுத்த நாள் அப்பா வந்து சொல்வார்: "கான்சன்ட்ரேஷனே இல்ல சார் இவனுக்கு."

போன வருடம் நான் வார இறுதியில் உதவி செய்யும் நெட்ஸுக்கு அப்படி ஒரு பையன் வந்தான். வயது பன்னிரண்டு, உயரம் 4 அடி 10 அங்குலம். கையில் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே விலை கொடுத்து வாங்கிய, பத்துக் கோடு ஓடிய ஷார்ட் ஹேண்டில். இந்தப் பெயரே பாதிப் பேரை ஏமாற்றுகிறது. 'ஷார்ட்' என்பதால் சின்னப் பையன்களுக்கானது என்று நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அதுதான் வளர்ந்த ஆட்கள் ஆடும் முழு அளவு. அதற்குக் கீழே ஹாரோ, அதற்கும் கீழே ஆறு, ஐந்து, நான்கு என்று எண்கள் இறங்கும். கம்பெனிக்குக் கம்பெனி அட்டவணை கொஞ்சம் மாறினாலும் இவன் உயரத்துக்கு ஐந்து அல்லது ஆறாம் நம்பர்தான்.

அவன் மட்டையைப் பிடித்திருந்த இடத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கைப்பிடியின் மேல்முனை வயிற்றில் இடிப்பதால் இரண்டு கையையும் கீழே இறக்கி, கிட்டத்தட்ட மட்டையின் தோளருகே பிடித்திருந்தான். மட்டையைத் தூக்கும்போது முனை கல்லி பக்கம் சாய்ந்து போய், இறங்கும்போது குறுக்கே வந்தது. இடது கைக்குத் தூக்கும் பலம் போதாததால் வலது கை முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது. நேராக டிரைவ் ஆட வேண்டிய பந்தெல்லாம் மிட்விக்கெட்டுக்குப் போயிற்று. கட் ஷாட் அவனிடம் இல்லவே இல்லை. உயரத் தூக்கி வீச நேரம் கிடைத்தால்தானே கட் ஆட முடியும்?

அடுத்த வாரம் வீட்டுச் சமையலறைத் தராசை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டிக்கரில் 1,180 கிராம் என்று போட்டிருந்தது. தராசு 1,250 காட்டியது. நல்ல பிடிமானத்துக்கு என்று ஒரு ரப்பர் கிரிப் மீது இன்னொன்றைப் போட்டிருந்தார்கள். ஒரு கிரிப்பே ஐம்பது கிராம் அளவுக்கு இருக்கும். கைப்பிடியும் தடித்துப்போய் அவன் விரல்கள் அதைச் சுற்றி வளைக்கவே முடியவில்லை.

அங்கே ஒரு சீனியர் பையன் விட்டுப்போன ஆறாம் நம்பர் மட்டை கிடந்தது. பாதிக்குப் பாதி செம்மை ஓடிய மரம், ஐந்து கோடு, கடையில் யாரும் திரும்பிப் பார்க்காத தரம். எடை 1,030. அதை அவனிடம் கொடுத்து, கைக்கெட்டும் தூரத்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே இருபது பந்து எறிந்தேன். முதல் ஐந்தாறு பந்தில் மட்டை பந்துக்கு முன்னாலேயே போய்விட்டது. தாமதத்துக்கே பழகியிருந்த கை அல்லவா. பிறகு நின்று ஆட ஆரம்பித்தான். பாயின்ட் பக்கம் இரண்டு பந்து வலையில் மோதிய சத்தத்தில் பக்கத்து நெட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இது ஆராய்ச்சி இல்லை. நான் எறிந்தது அவனுக்குத் தெரிந்த வேகம், தெரிந்த இடம். ஆனாலும் வலது கைக்காரப் பையனின் இடது கை அன்றுதான் முதல் முறையாக வேலை செய்தது.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் டெண்டுல்கரை இழுப்பார். அவர் 3 பவுண்டுக்கும் மேலான மட்டையால்தானே ஆடினார்? ஆமாம், ஆடினார். சின்ன வயதில் அண்ணன் அஜித்தின் பெரிய மட்டையோடு ஆடியதால்தான் கைப்பிடியின் அடியில் பிடிக்கும் பழக்கம் வந்தது என்பதும் அவரைப் பற்றி எல்லோரும் அறிந்த கதை. பொருந்தாத மட்டை ஒரு பையனின் பிடியையே வாழ்நாளுக்கும் மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். அந்தப் பிடியோடு அவர் நூறு சர்வதேச சதம் அடித்தார் என்பது டெண்டுல்கரைப் பற்றிச் சொல்கிறது, மட்டையைப் பற்றி அல்ல.

சரி, கடையில் என்னதான் செய்வது? ஸ்டிக்கரைப் பார்க்காமல் மட்டையைப் பையன் கையில் கொடுங்கள். ஸ்டான்ஸ் எடுக்கச் சொல்லி, மேல் கை ஒன்றால் மட்டும் மட்டையைப் பின்னால் தூக்கி, முன்கால் வைத்துத் தடுப்பாட்டம் ஆடுவதுபோல நேராக இறக்கச் சொல்லுங்கள். பத்து முறை. ஆறாவது ஏழாவது முறையில் முனை ஆடினாலோ, முழங்கை உடலோடு ஒட்டிக்கொண்டாலோ அந்த மட்டை வேண்டாம். ஒரே எடையுள்ள இரண்டு மட்டைகளில் ஒன்று தேறும், ஒன்று தேறாது. கனம் அடியில் குவிந்திருந்தால் 1,050 கிராமும் கல்லாகத் தெரியும். இதைத்தான் ஆட்டக்காரர்கள் பிக்கப் என்கிறார்கள். தராசுக்கு இது தெரியாது, கைக்குத்தான் தெரியும். தேறிய மட்டைகளை ஒரு பழைய பந்தால் முகம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நடுவில் துள்ளல் நன்றாக இருந்து, ஓரத்துக்குப் போகும்போது மெல்லக் குறைந்தால் அழுத்தம் சரி. எங்கே தட்டினாலும் ஒரே கட்டைச் சத்தம் என்றால் வைத்துவிடுங்கள், பன்னிரண்டு கோடு இருந்தாலும் சரி.

இப்படித் தேடினால் மூன்றாம், நான்காம் தர இங்கிலீஷ் வில்லோவில் ஆறாம் நம்பர் ஒன்று சுமார் ஆறாயிரம் எட்டாயிரத்துக்குள் அகப்படும். டென்னிஸ் பந்தும் கார்க் பந்துமாக ஆடுகிறவனுக்குக் கை தாங்கும் எடையில் ஒரு காஷ்மீர் மட்டையே போதும். ஒன்றரை வருடத்தில் அவன் உயரம் எப்படியும் அடுத்த நம்பரைக் கேட்கும். வாங்கித்தான் ஆக வேண்டும். அப்படி மூன்று மட்டை வாங்கினாலும் அந்த ஒரு முதல் தரத்தின் விலை ஆகாது.

அந்தப் பையன் இப்போது செம்மை ஓடிய மட்டையில்தான் ஆடுகிறான். பத்துக் கோட்டு மட்டை உறைக்குள் பீரோ மேல் இருக்கிறது. போன மாதம் அவன் அப்பா போன் செய்தார். "சும்மாவே வெச்சிருந்தா காஞ்சு வெடிச்சிடுமா சார்? எண்ணெய் போடணுமா?" முகத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருப்பதால் அங்கே இறங்காது, பின்பக்கமும் ஓரங்களும் மட்டும் லின்சீட் எண்ணெயை லேசாகத் துணியில் தொட்டுத் தடவுங்கள், நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள் என்றேன். எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.