ரிப்போர்ட்டில் இருந்தது, நாயிடம் இல்லை

நான்கு வயது ஷிபா இனு நாய் ஒன்றைக் கிளினிக்குக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு முறை வாந்தி, ஒரே சோர்வு. காலையில் இரத்தம் எடுத்தோம். ஆய்வுக்கூடத்து ஆள் மாலையில்தான் வந்தார். அதுவரை குழாய் மேசை மேலேயே கிடந்தது. தவறு எங்களுடையதுதான்.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது: சோடியம் 140, பொட்டாசியம் 7.0, சர்க்கரை 2.9. சோடியத்தைப் பொட்டாசியத்தால் வகுத்தால் 20. நாய்க்கு இந்தக் கணக்கு 27-க்குக் கீழே போனால், அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அடிசன் நோயாக இருக்குமோ என்று பார்ப்போம். அந்த நோயில் வாந்தியும் சோர்வும் உண்டு, சர்க்கரையும் இறங்கலாம்.

"ஆயுசு முழுக்க மருந்தா டாக்டர்?" என்று அந்த அக்கா கலங்கிவிட்டார்.

எனக்கு ஒன்று உறுத்தியது. பொட்டாசியம் உண்மையில் 7.0 என்றால் இதயத் துடிப்பு பெரும்பாலும் மந்தமாகும், இசிஜியில் மாற்றம் தெரியும். இரண்டுமே நன்றாக இருந்தன. ரிப்போர்ட்டின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு: சீரம் சிவப்பாகவும் பால்போலவும் உள்ளது.

சிவப்பு என்றால் சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. பெரும்பாலான நாய்களின் சிவப்பணுக்களில் பொட்டாசியம் குறைவு; உடைந்தாலும் அளவு அதிகம் ஏறாது. ஆனால் ஷிபா, அகிதா போன்ற ஜப்பானிய இனங்களில் பல நாய்களுக்கு அந்த அணுக்களுக்குள் பொட்டாசியம் நிறைய இருக்கும். உடைந்தால் அத்தனையும் சீரத்தில் கலந்துவிடும். உடையாமல் வெறுமனே காத்திருந்தாலும் கசியும்.

சர்க்கரை குறைந்ததற்கும் அந்தக் காத்திருப்பே காரணம். குழாய்க்குள்ளும் அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு குறையும்.

பால்போல இருந்தது கொழுப்பு. விசாரித்ததில், இரத்தம் எடுப்பதற்குச் சற்று முன் தாத்தா நாசி லெமாக்கிலிருந்த வறுத்த கோழித்தோலைக் கொடுத்திருக்கிறார். (தாத்தாக்களைத் தடுக்க யாரால் முடியும்!) கொழுப்பு சீரத்தில் இடத்தை அடைத்துக்கொள்வதால், சீரத்தை நீர்த்து அளக்கும் பெரிய கருவிகள் சோடியத்தைக் குறைத்துக் காட்டும். அணுக்கள் எளிதில் உடையவும் கொழுப்பு வழிவிடும்.

பன்னிரண்டு மணி நேரம் பட்டினி போட்டு மறுபடி இரத்தம் எடுத்தோம். அரை மணி நேரம் உறையவிட்டு, உடனே சுழற்றிச் சீரத்தைப் பிரித்தோம். சோடியம் 146, பொட்டாசியம் 4.5, சர்க்கரை 5.1. வகுத்தால் 32. வந்தது வெறும் வயிற்றுக் கோளாறுதான். இரண்டு நாளில் ஓடியாடியது.

நாய் சரிந்து கிடந்திருந்தால் இப்படிக் காத்திருக்க மாட்டேன். சிகிச்சையைத் தொடங்கிவிட்டுத்தான் மறுபடி இரத்தம் எடுப்பேன். குட்டிகளையும் இன்சுலின் போடும் நாய்களையும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி போடாதீர்கள். தண்ணீர் எப்போதும் கொடுக்கலாம்.