கொலுப் பூங்காவில் பசும்புல்

கொலுப்படியின் கீழே பூங்கா அமைக்கும் அன்பர்கள் பலர், புல்லுக்கான கேழ்வரகையும் செடிகளுக்கான கடுகையும் ஒரே நாளில் விதைத்துவிடுகின்றனர். சென்ற ஆண்டு அடியேனும் மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பு அவ்வாறே செய்தேன். கேழ்வரகு நிமிர்ந்து நின்றது. கடுகோ சரஸ்வதி பூஜைக்கு முன்பே மஞ்சளித்துச் சாய்ந்துவிட்டது.

கடுகு இரண்டு மூன்று நாட்களில் முளைத்து, ஐந்தாம் நாளுக்குள் இலை விரிக்கும். கேழ்வரகு புல்வெளியாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். ஆதலால் இவ்வாண்டு கேழ்வரகை முதலிலும், கடுகை மூன்று நாள் கழித்தும் விதைத்தேன். கொலு தொடங்கிய மறுநாள் வேறொரு தட்டிலும் சிறிது கடுகு தூவி வைத்தேன். பழையது வாடியதும் அதை மாற்றிக்கொள்ளலாம்.

தட்டில் விரலளவு உயரத்திற்கு மணல் கலந்த மண்ணைப் பரப்புங்கள். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்துத் தூவலாம். கடுகை ஊறவைத்தால் வழவழப்பாகி ஒட்டிக்கொள்ளும்; உலர்ந்தபடியே நெருக்கமின்றித் தூவுங்கள். முளைவிடும்வரை ஈரத்துணியால் மூடி, பின்னர் நாள்தோறும் காலை வெளிச்சத்தில் வையுங்கள். இருளில் தண்டு நீண்டு துவளும்.

வேரருகே வெண்பஞ்சு போலத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். நீர் தெளித்ததும் மறைந்தால் அது வேரிழை. மறையாமல் சிலந்திவலை போலப் படர்ந்து நாறினால் பூஞ்சை. அப்பகுதியை மண்ணோடு அகற்றிவிட்டு, நீரைக் குறையுங்கள்.