ஃபார்ம் 4 கேட்கும் முன் ஒரு நிமிஷம்

பேனல் ஸ்பெக் எழுதச் சொன்னா, பழைய டெண்டரைப் பார்த்து "50 கிலோஆம்பியர், ஃபார்ம் 4" என்று காப்பி அடிக்கிறோம்ல? ஒரு கணக்கு போடுங்க. 1000 கேவிஏ, 433 வோல்ட், 5% இம்பீடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுதான் என்றால் முழு லோடு 1333 ஆம்பியர். 0.05-ஆல் வகுத்தால் ஃபால்ட் சுமார் 27 கிலோஆம்பியர். மோட்டார்கள் தருவதைச் சேர்த்தாலும் பெரும்பாலும் 35 போதும்.

ஃபார்ம் 4-ல் பஸ்பார், ஒவ்வொரு ஃபீடர், அதன் கேபிள் டெர்மினல் எல்லாத்துக்கும் நடுவே தடுப்பு இருக்கும். வேலை பார்க்கிறவர் கை பக்கத்து லைவ் பாகத்தில் படாது. ஆனா அதே தடுப்பு காற்றையும் மறிக்கும், சூடு உள்ளேயே தங்கும். தடுப்பில்லாத பேனலில் 1600 ஆம்பியர் தாங்கிய பஸ்பார் இங்கே தாங்காமல் போகலாம். ஐஇசி 61439-ன்படி வெளிக் கேபிள் டெர்மினலில் வெப்ப உயர்வு 70 கெல்வினைத் தாண்டக் கூடாது.

அதனால ஃபார்ம் 4 வேணும்னா, அதே ஃபார்மில் எடுத்த வெப்ப உயர்வு டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேளுங்க. ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் ஒரு நொடியோடு முடிஞ்சிடும். சூட்டை பேனல் தினமும் தாங்கணும்.