‘இன்ஸ்பயர்டு பை’ கவசம் அல்ல

துணைப்பொருள் விற்பவர்களிடையே ஒரு நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் பெயரைத் தன் சரக்கின் மேல் நேரடியாகப் போட்டால்தான் வழக்கு வரும். அந்தப் பெயருக்கு முன்னால் ‘கம்பாட்டிபிள் வித்’ என்றோ ‘இன்ஸ்பயர்டு பை’ என்றோ சேர்த்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் அது. போன் உறை, வாட்ச் ஸ்ட்ராப், குக்கர் கேஸ்கட், கார் சீட் கவர் என எதை விற்பவரிடம் கேட்டாலும் இதே பதில் வருகிறது. இந்த நம்பிக்கை தவறு. அதனால் அடிபடுபவர்களில், ஏமாற்றும் எண்ணமே இல்லாமல் தன் சரக்கைத் தானே செய்து விற்கும் சிறு வியாபாரியும் இருக்கிறார். அதனால்தான் இதைக் கடுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது.

இரண்டு சொற்றொடர்களையும் ஒன்றாகக் கருதுவதில்தான் கோளாறு தொடங்குகிறது. ‘இந்த ஸ்ட்ராப் அந்தக் கடிகாரத்துக்குப் பொருந்தும்’ என்பது ஒரு தகவல். மாட்டிப் பார்த்தால் உண்மையா பொய்யா என்று தெரிந்துவிடும். அந்தக் கடிகாரத்தின் பெயரைச் சொல்லாமல் இந்தத் தகவலைத் தரவும் முடியாது. ‘இந்த ஸ்ட்ராப் இன்ன நிறுவனத்தைப் பார்த்து உருவானது’ என்பதில் வாங்குபவர் சோதித்துப் பார்க்க எதுவும் இல்லை. அந்தப் பெயரின் மதிப்பு மட்டும் நம் சரக்கின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

சட்டம் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருக்கிறது. இந்திய வணிகக் குறிகள் சட்டம், 1999, பிரிவு 30(2)(ஈ) துணைப்பொருள்களுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு பொருள் இன்னொரு பொருளுக்கு உதிரியாகவோ துணையாகவோ அமைந்திருக்கிறது என்று காட்ட, பிறர் பெயரைச் சொல்வது நியாயமான அளவில் அவசியம் என்றால் சொல்லலாம் என்கிறது அது. கூடவே ஒரு நிபந்தனையும் வைக்கிறது: அப்படிச் சொல்வதன் நோக்கமோ விளைவோ, இல்லாத வணிகத் தொடர்பை இருப்பதுபோலக் காட்டுவதாக இருக்கக் கூடாது. பெயருக்கு முன்னால் எந்தச் சொல் நிற்கிறது என்பதைப் பற்றி இந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. அவசியமா, தொடர்பு இருப்பதாகத் தோன்றுகிறதா என்ற இரண்டு கேள்விகளைத்தான் அது கேட்கிறது.

இவை எவ்வளவு கூர்மையான கேள்விகள் என்பதை ஒரு குக்கர் கேஸ்கட் வழக்கு காட்டிவிட்டது. முருகன் எண்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் ‘மயூர்’ என்ற தன் சொந்தப் பெயரில் கேஸ்கட் விற்றது. உறையின் மேல் ‘சூட்டபிள் ஃபார் ஹாக்கின்ஸ் பிரஷர் குக்கர்ஸ்’ என்று அச்சிட்டிருந்தது. நம் வியாபாரிகள் நம்பும் முன்சொல் அப்படியே இருக்கிறது. சொந்தப் பெயரும் இருக்கிறது. ஹாக்கின்ஸ் தொடுத்த வழக்கை டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி தள்ளுபடி செய்தார். ஆனால் 2012-இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, ஹாக்கின்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த கேஸ்கட் ஹாக்கின்ஸ் குக்கருக்கென்றே தனியாகச் செய்யப்பட்டது அல்ல. மற்ற குக்கர்களுக்கும் பொருந்தக்கூடியது. அப்படியிருக்க, அந்த ஒரு பெயரை மட்டும் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று நீதிமன்றம் கேட்டது. உறையில் ஹாக்கின்ஸ் என்ற சொல் மட்டும் மற்ற சொற்களிலிருந்து விலகி எடுப்பாகத் தெரிந்ததும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘சூட்டபிள் ஃபார்’ இருந்தும் நிறுவனம் தோற்றது.

டொயோட்டா தொடுத்த வழக்கில் நடந்தது வேறு. பிரியஸ் ஆட்டோ இண்டஸ்ட்ரீஸ் என்ற இந்திய நிறுவனம் கார் துணைப்பொருள்கள் செய்வது. 2017-இல் உச்ச நீதிமன்றம் வரை போன இந்த வழக்கு ‘பிரியஸ்’ என்ற பெயருக்காகவே பேசப்படுகிறது. நமக்கு வேண்டியது அதன் இன்னொரு பகுதி. டொயோட்டா, இன்னோவா ஆகிய பெயர்களை, தன் பொருள் எந்தக் காருக்கு உரியது என்று சொல்வதற்காகப் பயன்படுத்திக்கொள்ள டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு அந்த நிறுவனத்தை அனுமதித்தது. ஆனால் டொயோட்டாவின் எழுத்துவடிவத்தில் எழுதக் கூடாது, லோகோ கூடாது, ‘ஜெனுவின்’ என்று போட்டால் அது யாருடைய அசல் தயாரிப்பு என்பதும் தெளிவாக இருக்க வேண்டும் என்றது. இன்னோவாவுக்கென்று அளவெடுத்துச் செய்த பொருளை இன்னோவா என்ற பெயரைச் சொல்லாமல் விற்க முடியாது. எல்லா குக்கருக்கும் போகும் கேஸ்கட்டை ஹாக்கின்ஸ் பெயரைச் சொல்லாமலே விற்கலாம். இரண்டு வழக்குகளின் முடிவையும் பிரித்தது இந்த அவசியமும், பெயர் அச்சான விதமும்தான்.

இனி ‘இன்ஸ்பயர்டு பை’. கம்பாட்டிபிளுக்கு இருக்கும் அரைகுறைப் பாதுகாப்புகூட இதற்கு இல்லை. ஃபின்லாந்தில் ஒரு நிறுவனம் தன் ‘பாராசன் ஃப்ளெக்ஸர்’ பிளேடுகளின் மேல், இவை ஜில்லெட் சென்சர் கைப்பிடியிலும் பொருந்தும் என்று ஸ்டிக்கர் ஒட்டியது. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. பொருந்தும் என்ற தகவலை முழுமையாகவும் புரியும்படியாகவும் தர வேறு வழி இல்லையென்றால் பெயரைச் சொல்லலாம் என்று 2005-இல் அந்த நீதிமன்றம் விளக்கியது. எப்போது அது நேர்மையான வணிகம் ஆகாது என்றும் சொன்னது. வணிகத் தொடர்பு இருப்பதாகத் தோன்றினால் ஆகாது. பெயரின் புகழை முறையின்றி அனுபவித்தால் ஆகாது. பெயரை இழிவுபடுத்தினால் ஆகாது. நான்காவதாகச் சொன்னதுதான் முக்கியம்: தன் பொருளை அந்தப் பெயருடைய பொருளின் நகலாகவோ போலியாகவோ காட்டினாலும் ஆகாது. ‘இன்ஸ்பயர்டு பை’ என்று எழுதுபவர், தன் பொருள் எதன் நகல் என்பதைத் தானே எழுதிக் கொடுக்கிறார். எதிர்த்தரப்பு வக்கீல் தனியாகச் சாட்சி தேட வேண்டியதில்லை.

2009-இல் லோரியல் நிறுவனத்தின் வழக்கில் அதே நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. மலிவான வாசனைத் திரவியங்களை விற்றவர்கள், எங்கள் எந்தப் புட்டி எந்தப் பிரபல சென்ட்டைப் போன்றது என்று ஒப்பீட்டுப் பட்டியல் வைத்திருந்தார்கள். வாங்கியவர் யாரும் அதை அசல் என்று ஏமாற வேண்டியதில்லை. புகழை இப்படிப் பயன்படுத்திக்கொள்வதே தவறு என்று தீர்ப்பு வந்தது. இங்கிலாந்தில் இதைப் பின்பற்ற வேண்டியிருந்த நீதிபதி ராபின் ஜேக்கப், நேர்மையாக உண்மையைச் சொல்வதை இது தடுக்கிறது என்று வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவித்தார். அவருடைய வாதத்தில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே, ஷனெல் சென்ட்டைப் போன்றது என்று உண்மையாகச் சொல்லி விற்றவருக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் இடம் கொடுத்தது. நம் வியாபாரிகள் சிலர் இணையத்தில் படித்துவிட்டு இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் நம் சட்டம் ஐரோப்பாவின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. பிரிவு 29(8), விளம்பரத்தில் ஒரு குறியின் புகழை முறையற்று அனுபவிப்பதையே மீறல் என்கிறது. சென்னையிலோ டெல்லியிலோ வழக்கு நடக்கும்போது அமெரிக்கத் தீர்ப்பு கைகொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஒரு கற்பனை உதாரணத்தோடு இதைப் பொருத்திப் பார்ப்போம். ஆம்பூரில் தோல் வாங்கி ஆப்பிள் வாட்சுக்கு ஸ்ட்ராப் தைத்து, ‘மருதம்’ என்ற பெயரில் ஒருவர் விற்கிறார். அவர் எழுதும் தலைப்பு: ‘ஆப்பிள் வாட்ச் ஸ்ட்ராப், ஹெர்மீஸ் இன்ஸ்பயர்டு, பிரீமியம் லெதர், 42 மி.மீ.’ இதில் எத்தனை கோளாறுகள் என்று பாருங்கள். தலைப்பு ஆப்பிளில் தொடங்குவதால் ஸ்ட்ராப்பே ஆப்பிளுடையது என்று படிக்க இடம் இருக்கிறது. மருதம் எங்குமே இல்லை. ஹெர்மீஸ் 2015 முதல் ஆப்பிளுடன் சேர்ந்து உண்மையிலேயே இந்தக் கடிகாரத்துக்கு ஸ்ட்ராப் செய்கிறது. ஆகவே அந்தப் பெயர் இங்கே வந்தால் தொடர்பு இருப்பதாக நினைக்க வலுவான காரணம் கிடைத்துவிடுகிறது. ஸ்ட்ராப் எந்தக் கடிகாரத்தில் மாட்டும் என்பதற்கு ஹெர்மீஸின் பெயர் எந்த விதத்திலும் தேவையில்லை. அவசியம் என்ற முதல் கேள்வியிலேயே அது விழுந்துவிடும்.

பெயர்மீதே கண்ணாக இருப்பவர் தகவலைக் கோட்டைவிடுகிறார் என்பது எனக்கு இதைவிட வருத்தம் தருவது. ‘42 மி.மீ.’ என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மைதான். ஆப்பிள் வாட்சில் 38, 40, 41 மி.மீ. அளவுகளுக்கு ஒரே ஸ்ட்ராப் பொருந்தும். சீரிஸ் 3 வரை வந்த பழைய 42, பிறகு வந்த 44, 45, 46, 49 ஆகியவற்றுக்கு இன்னொன்று. 2024-இல் வந்த சீரிஸ் 10-இன் 42 மி.மீ. கடிகாரத்துக்கோ சிறிய வகை ஸ்ட்ராப்தான் பொருந்தும். பழைய 42-க்குச் செய்த ஸ்ட்ராப்பைப் புதிய 42 வைத்திருப்பவர் வாங்கினால் அது திரும்பி வரும். பொருந்தாத பொருளைப் பொருந்தும் என்று சொல்வதால் பிரிவு 30 தரும் பாதுகாப்பும் போய்விடும். துணைப்பொருள்காரருக்குச் சட்டம் கொடுத்த ஒரே சலுகை இந்தத் தகவலைச் சொல்வதற்காகத்தான். அதை அவர் சரியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத பெயரைச் சொல்லிவிட்டார்.

தலைப்பு இப்படி இருக்க வேண்டும்: ‘மருதம் தோல் ஸ்ட்ராப், ஆப்பிள் வாட்ச் 38, 40, 41 மி.மீ., சீரிஸ் 10-இன் 42 மி.மீ. ஆகியவற்றுக்குப் பொருந்தும்.’ பெட்டியிலும் மருதம் பெரிதாக இருக்கட்டும். ஆப்பிள் என்ற சொல் மற்ற எழுத்துகளின் அளவிலும் நிறத்திலுமே இருக்கட்டும். கடித்த ஆப்பிள் படம் வேண்டாம். ஹெர்மீஸின் பெயரே வேண்டாம். அந்த ஆரஞ்சு நிறமும் இரட்டைச் சுற்றும் உங்களுக்குப் பிடித்திருந்தால் ‘ஆரஞ்சு நிறம், இரண்டு சுற்று’ என்று எழுதினால் போதும். ஆனால் தையலையும் கொக்கியையும் அச்சு அசலாகப் படியெடுத்தால், பெயரை நீக்கியதால் மட்டும் தப்பிவிட முடியாது. பதிவான வடிவமைப்புக்குத் தனிச் சட்டம் இருக்கிறது.

‘இந்த நிறுவனத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை’ என்று அடியில் பொடியெழுத்தில் போட்டிருக்கிறோமே என்பார்கள். தலைப்பில் தொடர்பைக் காட்டிவிட்டு அடியில் மறுத்தால், வாங்குபவர் முதலில் பார்ப்பது தலைப்பைத்தான். சரியாக எழுதிய தலைப்போடு அந்த வரியும் இருந்தால் நல்லது. தவறான தலைப்பை அது சரியாக்காது. லோகோவையே தோலில் பதித்துவிட்டு அப்படி எழுதினால் நிலைமை இன்னும் மோசம்: வணிகக் குறியைப் பொய்யாகப் பதிப்பதற்கு அதே சட்டத்தின் பிரிவு 103-இல் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை இருக்கிறது.

ஸ்ட்ராப் தைப்பவர்களே, கேஸ்கட் வார்ப்பவர்களே, உறை அச்சிடுபவர்களே: உங்கள் பொருள் எதில் பொருந்தும் என்று அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்லுங்கள்; அது உங்கள் உரிமை, யாரும் கருணையாகத் தந்ததல்ல. ‘இன்ஸ்பயர்டு பை’ வரியை இன்றே அழித்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் சொந்தப் பெயரை எழுதுங்கள்.